மூன்று கீல் ஆர்ச்: நூல் காட்டிய மொமெண்ட்

நான்காவது முயற்சியில் நேற்று இரவு ஸ்பிரிங் தராசின் முள் 1.3 கிலோவில் வந்து நின்றது. சுமை ஏற்றுவதற்கு முன் அது 0.3 காட்டியிருந்தது. ஆக, இரண்டு காலிலும் உச்சியிலும் கீல் வைத்த என் மர ஆர்ச்சில் 2 கிலோ சுமை தந்த கிடைத் தள்ளல், அதாவது H, சரியாக 1 கிலோ. கணக்கும் அதைத்தான் சொன்னது. இடையில் மூன்று தடவை வேறு வேறு எண்கள் வந்தன, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தொடங்கி வைத்தவன் அக்கா மகன். கட்டுமானப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. தாளில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "மாமா, சுமை கீழதானே இழுக்குது? பக்கவாட்டுல இந்த H எங்கிருந்து வருது?" சமன்பாட்டைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் சமன்பாடு அவனிடமே இருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு H.

அளவும் வடிவமும்

இரண்டு கால்களுக்கும் இடையிலான ஸ்பான் 1000 மில்லிமீட்டர், உயரம் 250 மில்லிமீட்டர், பரவளைய வடிவம். உயரம் ஸ்பானில் கால் பங்காக இருப்பதில் பெரிய வசதி உண்டு. பரவளையச் சமன்பாடு y = x(1000 − x)/1000 என்று சுருங்கிவிடும். x 100 என்றால் y 90, 200 என்றால் 160, 300 என்றால் 210, 400 என்றால் 240, 500 என்றால் 250. கால்குலேட்டரே வேண்டாம். அட்டையில் இந்தப் புள்ளிகளைக் குறித்து, வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அவற்றின் மேல் வளைத்துக் கோடு போட்டேன். அதுதான் மையக் கோடு. அதற்கு இருபுறமும் 20 மில்லிமீட்டர் விட்டு, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு பாதிகளையும் ஜிக்சாவால் அறுத்தேன். பொருத்துகளோடு சேர்த்து ஒவ்வொரு பாதியும் சுமார் 300 கிராம்.

இரண்டு காலடிகளிலும் மரக் குதிரை, அதில் 6 மில்லிமீட்டர் போல்ட். ஆர்ச்சின் நுனி அந்தப் போல்ட்டில் தாராளமாகச் சுழலும். ஒவ்வொரு குதிரையின் அடியிலும் ஒரே உயரமுள்ள ஒரு டிஜிட்டல் சமையலறைத் தராசு. செங்குத்து எதிர்வினைகளை அவை சொல்லும். கிடைவிசைக்கு, இடது போல்ட்டிலிருந்து வலது போல்ட்டுக்கு ஒரு கயிறு, அதன் நடுவில் 5 கிலோ ஸ்பிரிங் தராசு. இரண்டு காலும் விலகாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கயிறு மட்டும்தான், அதனால் அதிலுள்ள இழுவிசைதான் H. கயிற்றைக் குதிரையின் மரத்தில் கட்டாமல் போல்ட்டிலேயே கட்டினேன். மரத்தில் கீழே கட்டினால் குதிரை ஒருபக்கம் சாயும்.

இப்படி நிற்க வைத்தால் ஆர்ச் பக்கவாட்டில் விழும் என்பதை முதல் நிமிடத்திலேயே பார்த்தேன். உச்சிக்கு இருபுறமும் இரண்டு வழுவழுப்பான மரச் சட்டங்களை நட்டு, நடுவில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி விட்டேன். அவை ஆர்ச்சைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் அதுவும் ஒரு தாங்கி ஆகிவிடும்.

உச்சியில் மூன்றாவது கீல். கையில் ஒரு சிறிய கதவுக் கீல் இருந்தது. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் மேல் விளிம்பில் அதைப் பதித்துத் திருகினேன். பார்க்க அழகாக இருந்தது. இதைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாளில் உள்ள கணக்கு

சுமை 2 கிலோ, இடது காலிலிருந்து 250 மில்லிமீட்டரில். இங்கே விசையையும் கிலோவிலேயே எழுதுகிறேன், தராசுகள் பேசும் மொழி அதுதான். நியூட்டன் வேண்டுமானால் 9.81 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். V_A இடது காலின் செங்குத்து எதிர்வினை, V_B வலது காலினுடையது.

```
V_B = 2 × 250 / 1000        = 0.5
V_A = 2 − 0.5               = 1.5
H   = V_B × 500 / 250       = 1.0
M   = 1.5 × 250 − 1.0 × 187.5 = 187.5 (கிலோ·மிமீ)
```

மூன்றாவது வரிதான் எல்லாம். வலது பாதியை மட்டும் தனியாக எடுத்து, உச்சிக் கீலைப் பற்றி மொமெண்ட் பூச்சியம் என்று எழுதினால் H வந்துவிடும். கீல் இல்லாத ஆர்ச்சில் இந்த வரியை எழுத முடியாது. கடைசி வரி, சுமைக்கு நேர் கீழே மரத்தை வளைக்கப் பார்க்கும் பெண்டிங் மொமெண்ட். அதில் 1.0 ஐப் பெருக்கும் 187.5 அந்த இடத்தில் ஆர்ச்சின் உயரம். இதே சுமையை 1000 மில்லிமீட்டர் நேர் உத்தரத்தில் இதே இடத்தில் வைத்தால் மொமெண்ட் 375. H அதில் பாதியைத் தின்றுவிடுகிறது.

செங்குத்து அளவு: 18 கிராம்

இரண்டு டிஜிட்டல் தராசுகளையும் ஆர்ச்சின் எடையோடு பூச்சியமாக்கிவிட்டுச் சுமையைத் தொங்கவிட்டேன். வலது தராசு 518 காட்டியது. வர வேண்டியது 500. இடதில் 1482. கூட்டுத்தொகை சரி, பங்கு சரியில்லை.

சுமை தவறான இடத்தில் இருந்தது. கொக்கியை ஆர்ச்சின் அடி விளிம்பில், விளிம்புக்குச் செங்குத்தாகத் திருகியிருந்தேன். அந்த இடத்தில் ஆர்ச் சாய்ந்திருக்கிறது, ஒன்றுக்குப் பாதி என்ற சரிவு. மையக் கோட்டில் 250 இல் இருக்கும் புள்ளியிலிருந்து அந்தச் சரிவுக்குச் செங்குத்தாக 20 மில்லிமீட்டர் கீழே வந்தால், கிடையாக 9 மில்லிமீட்டர் வலதுபுறம் நகர்ந்துவிடுகிறோம். 259 ஐ 1000 ஆல் வகுத்து 2 ஆல் பெருக்கினால் 0.518. தராசு பொய் சொல்லவில்லை.

கொக்கியைக் கழற்றி, மையக் கோட்டில் 250 இல் துளையிட்டு, ஒரு ஆணியைக் குறுக்கே செருகி அதன் இருபுறமும் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். அதன் பிறகு 500, 1500. ஒரு கிராம் முன்னே பின்னே.

முதல் H: 0.9

சுமை இல்லாமல் ஸ்பிரிங் தராசு 0.2 காட்டியது. அது ஆர்ச்சின் சொந்த எடை தரும் தள்ளல். சுமை ஏற்றியதும் 1.1. வித்தியாசம் 0.9.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பத்து சதவீதப் பிழை, மரமும் கயிறும் வைத்துச் செய்தது, போதும் என்று தோன்றியது. அப்போது அவன் மேசையில் கை ஊன்றினான், முள் துள்ளி 1.1 ஐத் தாண்டிப் போனது. மேசையைத் தட்டினால் மாறுகிற அளவை நம்பக் கூடாது. எங்கோ எதுவோ பிடித்துக்கொண்டு நின்றது.

வலது குதிரை தராசின் தட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. மரத்துக்கும் தட்டுக்கும் இடையிலான உராய்வு, கயிறு தாங்க வேண்டிய கிடைவிசையில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டிருந்தது. வலது காலில் இருந்த மொத்த எடை சுமார் 800 கிராம். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தாலே கால் கிலோ போய்விடும். இதை உறுதி செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. குதிரையை மெதுவாக உள்ளே தள்ளி விட்டு ஒரு அளவு, மெதுவாக வெளியே இழுத்து விட்டு ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உராய்வைப் போல் இரு மடங்கு. எனக்கு ஏறக்குறைய அரை கிலோ வந்தது.

தட்டின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு, குதிரையின் அடியில் இன்னொரு கண்ணாடித் துண்டு, நடுவில் இரண்டு 6 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிகள். கம்பிகள் உருளும். இப்போது தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் இடையே முள் அசைவதே தெரியவில்லை. இடது குதிரையில் உருளை வேண்டாம், அது நகராமல் நிற்க வேண்டும்.

இரண்டாவது H: 1.1

உருளைகள் போட்டதும் சுமையில்லாமல் 0.3, சுமையோடு 1.4. வித்தியாசம் 1.1. ஒரு பிழையை நீக்கியதும் 0.9 லிருந்து 1.1 க்குத் தாவியது. உராய்வு மட்டும்தான் குற்றவாளி என்றால் 1.0 இல் நின்றிருக்க வேண்டும்.

டேப்பை எடுத்து ஸ்பானை அளந்தேன். 1028. ஸ்பிரிங் தராசு அளப்பதே நீண்டுதான். என் தராசில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிமீட்டர் நீட்சி. 1.4 கிலோவுக்கு 28 மில்லிமீட்டர். கால் அவ்வளவு விலகியதும் உச்சி இறங்கிவிட்டது. தட்டையான ஆர்ச் அதிகம் தள்ளும், சூத்திரத்தில் உயரத்தால் வகுப்பதால் H ஏறிவிடும்.

கால் 28 மில்லிமீட்டர் விலகியதற்கு உச்சியும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஒரு மீட்டர் ஸ்பானில் 28 என்றால் மூன்று சதவீதம்கூட இல்லை, ஆனால் உயரத்தில் அது பத்து சதவீதம். தட்டையான ஆர்ச்சாக இருந்தால் இதைவிட மோசமாகும். கால் விலகுவதை மூன்று கீல் ஆர்ச் தாங்கும், உள்ளே புதிதாக மொமெண்ட் வராது என்று படிக்கிறோம். அது சிறிய விலகலுக்குச் சரி. உயரத்தை மாற்றும் அளவுக்கு விலகினால் எல்லா எண்ணும் மாறும்.

தீர்வுக்கு ஒரு சிறிய டர்ன்பக்கிள். கயிற்றின் ஒரு முனையில் அதைக் கோத்தேன். மேசையில் வலது போல்ட்டுக்கு நேர் கீழே 1000 என்ற இடத்தில் ஒரு கோடு. சுமை ஏற்றியதும் டர்ன்பக்கிளைத் திருகி, போல்ட்டிலிருந்து தொங்கும் தூக்குநூல் மீண்டும் அந்தக் கோட்டின் மேல் வரும்வரை இழுத்து, பிறகுதான் முள்ளைப் பார்க்க வேண்டும். சுமை இல்லாத அளவையும் அப்படியே எடுக்க வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும், ஆர்ச்சின் வடிவம் மாறாமல் இருந்தால் போதும்.

மூன்றாவது H: 0.925

இங்கேதான் அதிக நேரம் போனது. உராய்வு இல்லை, ஸ்பான் துல்லியம், செங்குத்து எதிர்வினைகள் கிராம் சுத்தமாகச் சரி. ஆனாலும் 0.925, திரும்பத் திரும்ப 0.925. தட்டினாலும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே எண் வந்தால் அது உராய்வாக இருக்காது, வடிவத்தில் ஏதோ இருக்கிறது. இந்தப் பாகுபாடு எனக்கு அப்போது தெரிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும். நான் உருளைகளைத் துடைத்தேன், போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டேன், ஸ்பிரிங் தராசைத் தெரிந்த எடைகளால் சோதித்தேன்.

கடைசியில் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். V_B 0.5, அரை ஸ்பான் 500, H 0.925 என்றால் உயரம் எவ்வளவு? 250 ஐ 0.925 ஆல் வகுத்தால் 270. நான் 250 என்று நம்பிய உயரம் ஆர்ச்சுக்கு 270 ஆக இருந்தது. அந்த 20 மில்லிமீட்டர் எங்கே என்று தேடினால் கண் முன்னாலேயே இருந்தது. கதவுக் கீல் மேல் விளிம்பில். அதன் ஊசி மையக் கோட்டிலிருந்து 20 மில்லிமீட்டர் மேலே.

சூத்திரத்தில் வரும் உயரம் மரத்தின் உயரம் அன்று, ஊசியிலிருந்து ஊசிக்கு உள்ள உயரம். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தள்ளுவது அந்த ஊசி வழியாக மட்டும்தான். மரம் எப்படி வளைந்திருந்தாலும் எதிர்வினைகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மரத்தின் வளைவு பிறகு வரும், மொமெண்ட் கணக்கில்.

அப்படியானால் முந்தைய 0.9 என்ன? உராய்வு குறைத்தது, ஸ்பிரிங்கின் நீட்சி கூட்டியது, உயரமான ஊசி குறைத்தது. மூன்று தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உண்மைக்கு அருகில் ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. அன்று பத்து சதவீதம்தானே என்று விட்டிருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது.

உச்சிக் கீலை மாற்றியது

கதவுக் கீலைக் கழற்றினேன். இரண்டு பாதிகளின் முனைகளையும் பாதித் தடிமனுக்கு, அதாவது 9 மில்லிமீட்டருக்குச் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு செய்தேன். மையக் கோட்டில் சரியாக உச்சியில் 6 மில்லிமீட்டர் துளை, அதில் போல்ட், மரங்களுக்கு இடையே ஒரு வாஷர். நட்டை இறுக்கக் கூடாது. இறுக்கினால் கீல் கீலாக இருக்காது, கொஞ்சம் மொமெண்ட் கடத்தும். தளர்வாக விட்டு, அவிழாமல் இருக்க இரண்டாவது நட் ஒன்றை முதல் நட்டின் மேல் பூட்டினேன். ஒரு பாதியைக் கையில் பிடித்தால் மறுபாதி தன் எடையில் தொங்கி விழ வேண்டும். அதுதான் சோதனை.

0.3, பிறகு 1.3. நேற்று இரவு.

நூல்

அவனுடைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆர்ச்சின் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினேன். வலது பாதியைக் காட்டி, "இதைத் தொடுறது யார் யார்?" என்றேன். அவன் பார்த்துவிட்டு, "மேல ஒரு ஊசி, கீழ ஒரு ஊசி. அவ்வளவுதான் மாமா" என்றான். சுமை இடது பாதியில் இருக்கிறது. வலது பாதியின் சொந்த எடையை விட்டுவிட்டால், அதன் மேல் இரண்டே விசைகள், இரண்டு ஊசிகளில். இரண்டே விசைகள் ஒரு பொருளைச் சமநிலையில் வைக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிராக இருந்தாக வேண்டும். அந்தக் கோடு இரண்டு ஊசிகளையும் சேர்க்கும் கோடு, வேறு வழியே இல்லை.

வலது காலின் ஊசியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, உச்சி ஊசியின் மேலாக இழுத்து, அப்படியே நேராக இடதுபுறம் நீட்டினேன். சுமையின் தூக்குக் கோட்டை அது வெட்டும் இடத்தில் அட்டையில் ஒரு குண்டூசி. தரையிலிருந்து அல்ல, காலின் ஊசிமட்டத்திலிருந்து அளந்தால் 374. கணக்குப்படி 375. அங்கிருந்து நூலை மடக்கி இடது காலின் ஊசிக்கு இறக்கினேன். இடது எதிர்வினையும் சுமையும் வலது எதிர்வினையும் ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும், அதனால் இடது எதிர்வினையின் திசையும் கிடைத்துவிட்டது.

"H எங்கிருந்து வருதுன்னு கேட்டியே, இந்த நூலோட சாய்வைப் பாரு." வலது நூல் 500 போனால் 250 ஏறுகிறது. செங்குத்து 0.5 என்றால் கிடை 1.0 ஆகத்தான் இருக்க முடியும். இடது நூல் 250 க்கு 375 ஏறுகிறது. செங்குத்து 1.5, கிடை மறுபடியும் 1.0. சுமை நேர் கீழேதான் இழுக்கிறது. ஆனால் வலது பாதி தன் இரண்டு ஊசிகளின் கோட்டில் மட்டும்தான் தள்ள முடியும், அந்தக் கோடு சாய்ந்திருக்கிறது. சாய்வில் தள்ளும் எதுவும் பக்கவாட்டிலும் தள்ளியே ஆக வேண்டும்.

அவன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு ஸ்கேலை எடுத்து, சுமைக் கோட்டில் நூலுக்கும் மரத்தின் மையக் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை அளக்கச் சொன்னேன். 187. அதை H ஆகிய 1.0 ஆல் பெருக்கினால் 187 கிலோ·மிமீ. தாளில் இருந்த 187.5. எந்த இடத்திலும் அப்படித்தான்: நூலுக்கும் ஆர்ச்சுக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை H ஆல் பெருக்கினால் அந்த இடத்தின் பெண்டிங் மொமெண்ட். நூல் ஆர்ச்சுக்கு மேலே இருந்தால் மரத்தின் கீழ்ப்புறம் இழுபடும், கீழே இருந்தால் மேல்புறம் இழுபடும். வலதுபுறம் ஸ்பானின் முக்கால் பங்கில், அதாவது 750 இல், நூல் ஆர்ச்சுக்குக் கீழே 62 மில்லிமீட்டர். மொமெண்ட் 62, எதிர்த்திசையில். உச்சியில் நூல் மரத்தைத் தொடுகிறது, இடைவெளி இல்லை, மொமெண்ட்டும் இல்லை.

இதைப் பார்த்த பிறகுதான் சுவிட்சர்லாந்தின் சல்ஜினாடோபெல் பாலத்தின் வடிவம் எனக்கு முழுதாக விளங்கியது. ராபர்ட் மயார் வடிவமைத்து 1930 இல் முடிந்த, 90 மீட்டர் ஸ்பான் உள்ள மூன்று கீல் கான்கிரீட் ஆர்ச். காலடிகளிலும் உச்சியிலும் மெலிந்து, ஸ்பானின் கால் பங்கு, முக்கால் பங்கு இடங்களில் பருத்திருக்கும். நூல் ஆர்ச்சை விட்டு அதிகம் விலகும் இடங்களில் கான்கிரீட் ஆழமாக இருக்கிறது, நூல் தொடும் மூன்று இடங்களில் ஒல்லியாக இருக்கிறது.

மொமெண்ட்டை அளந்தது

நூல் காட்டியதைத் தராசிலும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இடது பாதியை 250 இல் வெட்டி, மையக் கோட்டில் உச்சியில் செய்ததைப் போலவே ஒரு கீல் வைத்தேன். வெட்டின் இருபுறமும் கீழ்நோக்கி இரண்டு கட்டைகள், அவற்றுக்கிடையே இரண்டாவது ஸ்பிரிங் தராசும் ஒரு டர்ன்பக்கிளும். கயிற்றுக்குச் செங்குத்தாக அளந்தால் அது கீலிலிருந்து சரியாக 100 மில்லிமீட்டர் கீழே போகிறது. மரம் தாங்கிக்கொண்டிருந்த மொமெண்ட்டை இப்போது கயிறு தாங்கும். கயிற்றின் இழுவிசையை 100 ஆல் பெருக்கினால் மொமெண்ட். வெட்டுவதற்கு முன்பே மரத்தின் மேல் ஒரு நேர்க்கோடு போட்டிருந்தேன். வெட்டிய பின் இரண்டு பாதிக் கோடுகளும் மீண்டும் நேராகும்வரை டர்ன்பக்கிளைத் திருகினால் பழைய வடிவம் வந்துவிடும்.

இரண்டு டர்ன்பக்கிள்களும் ஒன்றையொன்று கலைக்கும். இதைத் திருகினால் ஸ்பான் நகரும், அதைத் திருகினால் கோடு விலகும். மாறி மாறி மூன்று சுற்று போனால் இரண்டும் நின்றுவிடுகின்றன. இன்னொரு சிக்கல், சுமையில்லாமல் கயிறு தொய்ந்து கிடக்கிறது, பூச்சிய அளவு எடுக்க முடியாது. அதனால் 1 கிலோவில் ஒரு அளவு, 3 கிலோவில் ஒரு அளவு எடுத்து, வித்தியாசத்தை 2 கிலோவின் பலனாக வைத்தேன். ஆர்ச்சின் எடை, கட்டைகள், தராசு எல்லாம் கழிபட்டுவிடும். வித்தியாசம் 1.85 வந்தது. வர வேண்டியது 1.875. என் தராசின் ஒரு கோடு 50 கிராம், அதற்கு மேல் கேட்க முடியாது.

பிறகு இடது வெட்டை ஒரு மரச் சட்டமும் கிளாம்ப்களும் வைத்துப் பூட்டிவிட்டு, வலது பாதியை 750 இல் வெட்டினேன். பழக்கத்தில் இங்கும் கட்டைகளைக் கீழேயே பொருத்தினேன். சுமை ஏற்றியதும் கயிறு தொங்கிப்போனது, வெட்டு மேல்புறம் வாய் திறந்தது. நூல் முன்பே சொல்லியிருந்தது. கட்டைகளைக் கழற்றி மேலே திருப்பிப் பொருத்தியதும் கயிறு விறைத்தது. வித்தியாசம் 0.6 க்கும் 0.65 க்கும் நடுவில். வர வேண்டியது 0.625.

மறுபடி செய்தால் சிலவற்றை மாற்றுவேன். முதலில் கீலின் ஊசிகளை மையக் கோட்டில் போட்டுவிட்டுத்தான் மரத்தை வளைவாக அறுப்பேன், ஊசிகள் முதலில், வடிவம் பிறகு. சுமை 250 இல் இருக்கும்வரை H க்கு 2 கிலோ ஸ்பிரிங் தராசு போதும், கோடுகள் நெருக்கமாக இருக்கும். மொமெண்ட்டுக்கு 100 க்குப் பதில் 60 மில்லிமீட்டர் கை வைத்தால் இழுவிசை கூடும், வலது பக்கத்துச் சிறிய மொமெண்ட் தெளிவாகத் தெரியும். சுமைக்கும் ஒரே ஆணித் துளை போதாது. ஸ்பானின் கால் பங்குதான் மோசமான இடம் என்று நினைத்து 250 இல் மட்டும் துளையிட்டேன். சுமைக்குக் கீழே மொமெண்ட் உச்சம் தொடுவது 211 இல், அங்கே 192.5. வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள்தான், இந்தத் தராசில் தெரியாது. ஆனாலும் 50 மில்லிமீட்டருக்கு ஒரு துளை இருந்தால் சுமையை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம்.

கிளம்பும்போது அவன் கேட்டான்: "மாமா, உச்சியிலேயே தொங்கவிட்டா?" துளை வேண்டாம், போல்ட்டே இருக்கிறது. தொங்கவிடுவதற்கு முன் நூலை இழுக்கச் சொன்னேன். இரண்டு கால்களிலிருந்தும் நேராக உச்சிக்கு, இரண்டு நேர்க்கோடுகள். ஆர்ச் முழுவதும் நூலுக்கு மேலே. சுமைக்குக் கீழேயே மொமெண்ட் இல்லை, கீழ்ப்புறம் இழுபடும் இடம் எங்குமே இல்லை. H 2 கிலோ, ஸ்பானின் கால் பங்கில் இடைவெளி 62.5, ஆகவே மொமெண்ட் 125 என்று அவனே எழுதினான். மேலே கட்டியிருந்த கயிற்றில் 1 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் வித்தியாசம் பார்த்தோம். 1.25 க்கு அரைக் கோடு குறைவாக நின்றது.